வலைத்தள உள்ளடக்கச் சேகரிப்பு

வலைத்தள உள்ளடக்கச் சேகரிப்பு என்பது ஒரு நிறுவனத்துக்கோ கடைக்கோ வலைத்தளம் கட்டத் தொடங்கும் முன், அதில் இடம்பெற வேண்டிய உரை, படங்கள், சின்னம் (லோகோ) ஆகியவற்றை உரிமையாளரிடமிருந்து பெற்று, சரிபார்த்து, ஒழுங்குபடுத்தும் வேலையாகும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் சிறு கடைகளுக்குத் தளம் அமைப்போர் சந்திக்கும் முதல் சிக்கல், இந்த மூன்றும் பெரும்பாலும் கடைக்காரரின் கையில் இருப்பதில்லை என்பதே. உரை, துண்டறிக்கை தயாரித்த டிடிபி கடையில் இருக்கும். சின்னம், பெயர்ப்பலகை அடித்த ஃப்ளெக்ஸ் கடையில் இருக்கும். படங்கள் உறவினர் ஒருவரின் கைப்பேசியில் இருக்கும். கடைக்காரர் அனுப்புவது இவற்றின் நகல்களையே. எனவே இவ்வேலையின் மையம், ஒவ்வொன்றின் மூலக்கோப்பும் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து அதைப் பெறுவதாகும்.

இக்கட்டுரை, பத்தமடையில் கோரைப்பாய் நெய்து விற்கும் ஒரு சிறு கடைக்குத் தளம் அமைப்பதாக வைத்துக்கொண்டு இம்முறையை விளக்குகிறது. பத்தமடை, திருநெல்வேலிக்கு மேற்கே சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள ஊர். இங்கு நெய்யப்படும் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும்.

## முன்கூட்டியே சேகரிப்பதன் காரணம்

உள்ளடக்கம் வருவதற்கு முன் வடிவமைப்பைத் தொடங்கினால், வெற்றிடங்களில் போலி உரையும் இரவல் படமும் நிரப்பப்படுகின்றன. தமிழ்த் தளங்களில் இது கூடுதலாகப் பாதிக்கிறது. ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தில் முடியும் ஒரு பட்டிச் சொல், தமிழில் "விற்பனைப் பொருட்கள்", "தொடர்பு கொள்ள" என நீளும். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் இரண்டு வரியாக உடையும். கைப்பேசித் திரையில் பட்டி முழுவதும் சரியும்.

படங்களிலும் இதே நிலைதான். அகன்ற முகப்புப் படத்துக்கு இடம் ஒதுக்கிய பிறகு, கடையில் இருப்பவை அனைத்தும் நெடுக்குவாட்டில் எடுத்த கைப்பேசிப் படங்கள் என்று தெரியவந்தால், முகப்பையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே பக்கங்களின் பட்டியல் முடிவானதும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தேவையானவை ஒரு தாளில் எழுதப்படுகின்றன. எடுத்துக்காட்டுக் கடைக்கு அப்பட்டியல் பின்வருமாறு அமையலாம்.

| தேவை | மூலம் இருக்கும் இடம் | முதலில் வந்த வடிவம் | கேட்க வேண்டிய வடிவம் |
|---|---|---|---|
| கடை அறிமுகம் | டிடிபி கடை | துண்டறிக்கையின் பிடிஎஃப் | யூனிகோடு உரை |
| பாய் வகை, அளவு, விலை | கடைக்காரரின் நினைவு, கணக்கு நோட்டு | குரல் பதிவு | அட்டவணை |
| பாய்ப் படங்கள் | மகனின் கைப்பேசி | வாட்ஸ்அப் படங்கள் | மூலப் படங்கள் |
| நெசவுப் படங்கள் | இல்லை | இல்லை | நேரில் எடுத்தல் |
| சின்னம் | ஃப்ளெக்ஸ் கடை | பெயர்ப்பலகையின் படம் | வெக்டர் கோப்பு |

இரண்டாம் பத்தியே இப்பட்டியலின் பயன். "சின்னம் அனுப்புங்கள்" என்று கடைக்காரரிடம் எத்தனை முறை கேட்டாலும் அவர் பெயர்ப்பலகையைத்தான் படம்பிடித்து அனுப்புவார், ஏனெனில் அவரிடம் வேறு எதுவும் இல்லை. "பெயர்ப்பலகை எந்தக் கடையில் அடித்தது?" என்ற கேள்விக்கே பயனுள்ள விடை கிடைக்கும்.

## உரை

### பழைய எழுத்துருக் கோப்புகள்

டிடிபி கடைகளில் துண்டறிக்கைகள் பல ஆண்டுகளாக பேஜ்மேக்கர், கோரல்டிரா ஆகிய மென்பொருள்களில் பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களைக் கொண்டு அச்சுக்கோக்கப்பட்டு வந்தன. இன்றும் பல கடைகளில் அவ்வழக்கம் தொடர்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பின்னும், அச்சு வேலைக்குப் பழைய எழுத்துரு போதுமானதாக இருந்ததால் கடைகள் மாறவேண்டிய கட்டாயம் எழவில்லை. தாளில் அச்சானதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. வலைத்தளத்தில் அப்படி முடிவதில்லை.

இத்தகைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தை அன்று. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். பாமினியில் "பத்தமடை பாய்" என்று தெரியும் உரையின் உண்மையான உள்ளடக்கம் இது:

```
gj;jkil gha;
```

கோப்பை அந்த எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால் தமிழாகத் தெரியும். அதையே நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் மேலுள்ள எழுத்துகளே தெரியும். தேடுபொறியும் அவற்றையே படிக்கும். பிடிஎஃப் கோப்பு திரையில் தமிழாகத் தெரிவதால் உரை சரியாக உள்ளது என்று பலர் கருதிவிடுகின்றனர். இதைக் கண்டறியும் எளிய வழி, பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து எளிய உரைத்தொகுப்பியில் ஒட்டிப் பார்ப்பதாகும்.

### மாற்றும்போது நேரும் பிழைகள்

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் கருவிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தேர்ந்தால் பெரும்பகுதி ஒரே சொடுக்கில் மாறிவிடும். ஆனால் மூன்று வகைப் பிழைகள் எஞ்சும்.

முதலாவது, இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள். கருவிக்கு ஆங்கிலமும் பாமினித் தமிழும் ஒன்றுபோலவே தெரியும். துண்டறிக்கையில் mail என்று இருந்தால் அது "அயடை" என்று மாறிவிடும். மின்னஞ்சல் முகவரி, தள முகவரி, ஆங்கிலத்தில் எழுதிய பொருட்பெயர் ஆகியவற்றை மாற்றுவதற்கு முன்பே தனியே எடுத்துவைக்க வேண்டும்.

இரண்டாவது, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள். பல எழுத்துருக்களில் "ர்" என்பதற்குக் காலின் மேல் புள்ளி வைத்துத் தட்டச்சு செய்வது வழக்கம். அது யூனிகோடுக்கு வந்ததும் "அவர்" என்பது "அவா்" ஆகிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் "அவர்" என்று தேடினால் அது அகப்படாது. தமிழில் துணைக்காலை அடுத்துப் புள்ளி வரவே வராது என்பதால், இப்பிழையைக் கட்டளை ஒன்றால் முழுமையாகப் பிடித்துவிடலாம்:

```
grep -n 'ா்' arimugam.txt
```

மூன்றாவது, ஔகாரம். "கௌரி" என்பதில் உள்ள ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டச்சாகி "கெளரி" என்று வந்துவிடும். இதைக் கட்டளையால் மொத்தமாக மாற்ற முடியாது. "வெள்ளி", "தெளிவு" போன்ற சொற்களில் கொம்பை அடுத்து ளகரம் முறையாகவே வருவதால், மொத்தமாக மாற்றினால் அவையும் கெடும். மனிதர் ஒருவர் படித்தே திருத்த வேண்டும்.

பாய்க் கடையைப் பொறுத்தவரை இப்பிழைகள் திரையோடு நின்றுவிடுவதில்லை. திருமணப் பாயில் மணமகன், மணமகள் பெயர்களை நெய்து தருவது பத்தமடையின் வழக்கம். தளத்தின் வழியே வரும் பெயரை நெசவாளர் எழுத்துக்கு எழுத்து நெய்வார். பெயர்ப் பட்டியலோ மாதிரிப் படிவமோ பிழையான எழுத்துக் குறிகளோடு இருந்தால், அப்பிழை பாயிலேயே ஏறிவிடும். நெய்த பாயைத் திருத்த முடியாது. ஆகவே முன்பதிவுப் பக்கத்துக்கான உரையைச் சேகரிக்கும்போதே, பெயரை யார் சரிபார்ப்பது, பெயரின் படத்தை வாங்குபவருக்கு அனுப்பி ஒப்புதல் பெறுவதா என்பவற்றையும் கடைக்காரரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

### எழுதப்படாத உரை

பெரும்பாலான சிறு கடைகளில் துண்டறிக்கையைத் தவிர எழுதப்பட்ட உரை இருப்பதில்லை. "நீங்களே நல்லா எழுதிப் போட்டுருங்க" என்பது வழக்கமான விடை. அப்படி எழுதப்படும் உரை எந்தக் கடைக்கும் பொருந்தும் புகழ்ச்சியாகவே அமையும். அதற்குப் பதிலாக, கடையில் அமர்ந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுப் பதிவு செய்வதே பயன் தரும். பாவு பருத்தி நூலா, பட்டு நூலா? ஊடையாகச் செல்லும் கோரை எவ்வளவு நயமாகக் கிழிக்கப்படுகிறது? பாயின் நீளமும் அகலமும் எத்தனை அடி? பெயர் போட்ட பாய்க்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? நனைந்தால் என்ன செய்ய வேண்டும்? வாங்க வருவோர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளும் இவையே. எனவே "போனில் அடிக்கடி கேட்பது என்ன?" என்று தொடங்குவது எளிது.

பதிவிலிருந்து எழுதிய உரையைக் கடைக்காரருக்குப் படித்துக் காட்டி, தாளில் கையொப்பம் பெறுவது நல்லது. விலையும் அளவும் உள்ள பக்கத்துக்கு இது கட்டாயம்.

உரையில் வரும் உரிமைக்கோரல்களையும் இக்கட்டத்திலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். புவிசார் குறியீடு பத்தமடைப் பாய்க்குக் கிடைத்தது, கடைக்குக் கிடைத்ததன்று. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, அதன் உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். "எங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு" என்று கடைக்காரர் சொன்னால், அப்பதிவின் சான்றிதழ் நகலைக் கேட்டுப் பெற்ற பின்னரே அவ்வரியும் குறியீட்டுச் சின்னமும் தளத்தில் இடம்பெற வேண்டும்.

## படங்கள்

### வாட்ஸ்அப் படங்களின் குறை

இன்றைய கைப்பேசிகளில் 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000 × 3000 பிக்சல் அளவுடையது. அதை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால், நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கும். கோப்பின் அளவும் சில மெகாபைட்டிலிருந்து சில நூறு கிலோபைட்டாகக் குறையும். படம் எடுத்த நாள் போன்ற குறிப்புகளும் நீக்கப்படும். 2023இல் வந்த எச்டி தெரிவு இதைவிட மேம்பட்டது என்றாலும், அதுவும் மூலப்படம் அன்று.

பாய்க்கு இச்சுருக்கம் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறு அடிப் பாயின் நீளம் சுமார் 180 செ.மீ. அது படத்தின் நீளம் முழுவதையும் நிரப்புகிறது என்று கொண்டால், மூலப்படத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 22 பிக்சல் கிடைக்கிறது. 1 மி.மீ. அகலமுள்ள கோரை இழைக்கு இரண்டு பிக்சல் உண்டு. இழை மங்கலாகவேனும் தெரியும். வாட்ஸ்அப் படத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 9 பிக்சல்தான். ஓர் இழைக்கு ஒரு பிக்சல்கூட இல்லை. இழை மறைந்து, பாய் வெறும் நிறப் பட்டையாகத் தெரியும். சாதாரணப் பாயையும் பட்டுப் பாவில் நெய்த நயமான பாயையும் வேறுபடுத்துவது இந்த இழையின் நுண்மையே. அது தெரியாவிட்டால், விலை ஏன் அதிகம் என்பதைப் படம் சொல்லாது.

இக்கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. நயமான பாயின் இழை ஒரு மில்லிமீட்டரினும் மெல்லியது. எனவே முழுப்பாயையும் எடுத்த மூலப்படத்திலும் அது தெளிவாகத் தெரியாது. ஒவ்வொரு வகைக்கும் முழுப்படம், ஒரு சாண் பரப்பை மட்டும் காட்டும் அண்மைப்படம், மடிப்பையோ ஓரத்தையோ காட்டும் படம் என மூன்று தேவை. எட்டு வகைப் பாய் என்றால் 24 படங்கள்.

### கண்டறிதலும் பெறுதலும்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் வழி வந்த படத்தைக் கோப்புப் பெயரிலேயே அடையாளம் காணலாம். IMG-20240115-WA0003.jpg என்பதுபோல் WA என்ற எழுத்துகள் இருக்கும். பெயர் மாற்றப்பட்டிருந்தால் பிக்சல் அளவைப் பார்க்க வேண்டும். இத்தகைய படங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கைப்பேசித் திரையில் சிறு கட்டத்தில் காட்ட 1600 பிக்சல் போதும். முகப்பின் அகன்ற படத்துக்கும் பெரிதாக்கிப் பார்க்கும் அண்மைப்படத்துக்குமே மூலம் தேவை.

மூலத்தைப் பெற எளிய வழி, அதே வாட்ஸ்அப்பில் படமாக அன்றி ஆவணமாக அனுப்பச் சொல்வது. காகிதக் கிளிப் குறியைத் தொட்டு, படத்தொகுப்புக்குப் பதில் "Document" என்பதைத் தேர்ந்து அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். இதை எழுத்தில் விளக்குவதைவிட, கடையிலேயே ஒருமுறை செய்து காட்டுவது விரைவில் முடியும். படங்கள் நிறைய இருந்தால் கூகுள் டிரைவ் கோப்புறையோ, நேரில் சென்று கேபிள் வழி எடுப்பதோ ஏற்றது.

### புதிதாக எடுக்க வேண்டியவை

நெசவுப் படங்களை விரும்பிய நாளில் எடுத்துவிட முடியாது. கோரையை அறுத்தல், கிழித்தல், ஓடும் நீரில் ஊறவைத்தல், உலர்த்தல், சாயமேற்றல், நெய்தல் ஆகியவை வெவ்வேறு நாள்களில் நடப்பவை. மழைக்காலத்தில் உலர்த்தல் தடைப்படும். தளம் ஐப்பசியில் வெளிவர வேண்டும் என்றால், ஆவணிக்குள் படமெடுத்து முடிப்பது பாதுகாப்பானது. நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முகம் தெரியும் படத்துக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இசைவு பெற வேண்டும். கடைக்காரரின் இசைவு அவர்களுடையதாகாது. இசைவு தராதவர்களின் கையையும் தறியையும் மட்டும் காட்டும் படங்கள் எடுக்கலாம்.

## சின்னம்

பெயர்ப்பலகையின் படத்திலிருந்து சின்னத்தை வெட்டியெடுத்தால் அதில் நிழலும் கோணலும் சேர்ந்திருக்கும். முகவரி அட்டையை ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளிகள் தெரியும். பலகையை அடித்த ஃப்ளெக்ஸ் கடையில் அது பெரும்பாலும் .cdr என்ற பின்னொட்டுடன் கோரல்டிராக் கோப்பாக இருக்கும். இது வெக்டர் வகை, அதாவது கோடுகளும் வளைவுகளும் கணக்காகச் சேமிக்கப்பட்டது. பத்தடிப் பலகைக்கும் உலாவித் தாவலின் சிறு குறிக்கும் அதே கோப்பு கூர்மை குறையாமல் உதவும்.

அக்கடையில் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடைப்பெயரின் எழுத்துகளை வளைவுகளாக மாற்றிவிடுவது. கோரல்டிராவில் எழுத்தைத் தேர்ந்து Ctrl+Q அழுத்தினால் போதும். இதைச் செய்யாவிட்டால், அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் கடைப்பெயர் ஆங்கிலக் குழப்பமாகத் திறக்கும். மற்றொன்று, .cdr கோப்போடு SVG அல்லது PDF வடிவிலும் ஏற்றுமதி செய்து தருவது.

பிடிஎஃப் என்பதாலேயே அது வெக்டர் ஆகிவிடாது. ஜேபெக் படத்தை உள்ளே வைத்துச் சேமித்த பிடிஎஃப்களும் வரும். 800 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வெக்டரின் விளிம்பு வழவழப்பாகவே இருக்கும், படத்தின் விளிம்பு படிக்கட்டாக உடையும். நிறத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். அச்சு நிறங்கள் நான்கு மைகளின் கலவை, திரை நிறங்கள் மூன்று ஒளிகளின் கலவை. பலகையின் சிவப்பு திரையில் வேறாகத் தெரியும். திரையில் இரண்டு மூன்று சிவப்புகளைக் காட்டி, கடைக்காரர் தேர்ந்ததன் எண்ணைக் குறித்துக்கொண்டால் பின்னர் தகராறு எழாது.

மூலக்கோப்பு கிடைக்காமலும் போகலாம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருகி, திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியிலும் வெள்ளம் சூழ்ந்தது. தரைத்தளக் கடையில் ஒரே கணினியில் உள்ள கோப்பு, இத்தகைய வெள்ளத்தில் கணினியோடு போய்விடும். அந்நிலையில் கிடைத்த படத்தின் மேல் சின்னத்தைப் புதிதாக வரைவதே வழி. அதற்கான நேரமும் கூலியும் தனி. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

## உரிமை

கோப்பு கையில் இருப்பதும் அதைப் பயன்படுத்தும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். எனவே கடைக்காரர் கூலி கொடுத்து ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொன்ன படங்களில் பொதுவாகச் சிக்கல் இல்லை. இணையத்தில் தேடி எடுத்த பாய்ப் படங்களுக்கு இது பொருந்தாது. அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

வெளியார் ஒருவர் வரைந்து கொடுத்த சின்னத்துக்கு எழுத்து வடிவிலான உரிமை மாற்றம் பெறுவது நல்லது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாற்றப் பத்திரத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்கிறது. தளம் உலகெங்கும் தெரியும், ஐந்து ஆண்டுக்குப் பின்னும் இருக்கும். ஆகவே காலமும் பரப்பும் ஒரு வரியிலாவது எழுதப்பட வேண்டும்.

## ஒழுங்குபடுத்தலும் ஒப்புதலும்

வந்த கோப்புகள் நான்கு கோப்புறைகளில் பிரிக்கப்படுகின்றன. மூலப்படங்கள் மாற்றப்படாமல் தனியே இருக்கும், தளத்துக்காகச் சுருக்கியவை வேறாக இருக்கும்.

```
01-urai/
02-padam/moolam/
02-padam/thalam/
03-chinnam/
04-urimai/
```

கோப்புப் பெயர்களுக்குச் சிறிய ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். நான்கு குறிகள் கொண்ட "பாய்" என்ற பெயர் மட்டுமே 36 எழுத்துகளாகிவிடும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் பகிரும்போது பாதியில் முறியும் வாய்ப்பு உண்டு.

கடைசியாக, ஒப்புதல் தரும் ஒருவர் யார் என்று முடிவு செய்யப்பட வேண்டும். தந்தை விலை சொல்லி, மகன் படம் அனுப்பி, மருமகன் சின்னத்தை மாற்றச் சொல்லும் குடும்பக் கடைகளில், இறுதிச் சொல் யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொள்வது வழக்கம். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே வந்த நாள், சரிபார்த்தவர், ஒப்புதல் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்ட பின்னரே கட்டும் வேலை தொடங்குகிறது. ஓரிரு வரிகள் மட்டும் நிரம்பாமல் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத் தளத்தை வெளியிடலாம். நெசவுப் படங்கள் வராத பாய்க் கடைக்கு, நெசவுப் பக்கம் இல்லாமல் தளம் வெளிவருவது, வேறு ஊர்ப் பாயின் படத்தோடு வெளிவருவதைவிட நல்லது.

பணி முடிந்ததும் இந்நான்கு கோப்புறைகளின் முழு நகல், பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ கடைக்காரரிடமே ஒப்படைக்கப்படுகிறது. அடுத்த முறை பலகை அடிக்கவும் துண்டறிக்கை போடவும் மூலத்தைத் தேடி அவர் வேறு கடைக்குச் செல்ல வேண்டியதில்லை.